சொந்தப் பெயரில் ஒரு பொய்ப் பத்திரம்

சேந்தமங்கலத்தில் நான் சப்-ரிஜிஸ்டிராராக இருந்த காலத்தில், பத்திரம் பதிவு செய்வதற்காகக் கொல்லிமலைக்கு ஏறிப் போனது ஒரே தடவைதான். மலைக்காரர்கள் பத்திரம் எழுதுவதே அபூர்வம். எழுதினாலும் கீழே இறங்கி வந்து என் ஆபீஸில் கைநாட்டு வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விடுவார்கள். உடம்பு முடியாமல் படுத்திருப்பவர் என்றால் மட்டும், மனுக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் பதிவு அதிகாரியே வீடு தேடிப் போகலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்படி ஒரு மனுவை அடிவாரத்து மிளகு வியாபாரி ஒருவர் கொண்டுவந்தார். தேவனூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்) ஒருவரிடம் மிளகுக் காடு கிரயம் பேசியிருப்பதாகவும், அவர் மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடப்பதாகவும் சொன்னார்.

"தூக்கிக்கிட்டுத்தான் வரலாமுங்க. ஆனா எறக்கத்துல கால் அலுங்கிருச்சுன்னா அப்புறம் சேராதுன்னு வைத்தியர் சொல்றாருங்க" என்றார்.

நியாயமாகத்தான் இருந்தது. பியூன் மைப்பெட்டியையும் கைரேகைப் புத்தகத்தையும் துணிமூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டான். விடிந்ததும் ஏற ஆரம்பித்தோம். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. தஞ்சாவூர் ஜில்லாவின் தட்டை நிலத்தில் வளர்ந்த எனக்கு அந்த ஏற்றம் ஒரு தண்டனை. பாதி வழியில் நான் உட்கார்ந்துவிட்டபோது வியாபாரி எனக்கு விசிறிவிட்டார். மலையில் அவருக்கு இருபது வருஷப் பழக்கம் என்றும், எந்த வீட்டில் எத்தனை மூட்டை மிளகு காயும் என்பது தனக்கு அத்துப்படி என்றும் சொல்லிக்கொண்டே விசிறினார்.

கால் ஒடிந்தவர் ஊரின் கீழ்வளவில், அதாவது கீழ்ப்பக்கத்து வீட்டு வரிசையில் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். கூரை வீட்டுக்குள் பாயில் படுத்திருந்தார். வலது காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அந்தச் சமயத்தில் செய்ய வேண்டியது எனக்கு மனப்பாடம். எங்களோடு வந்த அடையாள சாட்சிகள் இரண்டு பேர். ஒருவர் வியாபாரியின் கடைச் சிப்பந்தி, மற்றவர் மிளகு சுமக்கும் ஆள். இவர் இன்னார்தானா என்று பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஆமாம் என்றார்கள். பிறகு பத்திரத்தை முழுக்க உரக்கப் படித்தேன். படிப்பு வாசனை இல்லாதவர்களுக்குப் படித்துச் சொல்லாமல் நான் ஒருபோதும் பதிவு செய்ததில்லை. காட்டின் நான்கு எல்லையையும் படித்தேன். அதிலிருந்த மரங்களையும், அவற்றில் ஏறியிருந்த மிளகுக் கொடியையும் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உங்க பேரென்ன?" என்று கேட்டேன். சொன்னார். பத்திரத்தில் இருந்த பெயர்தான்.

"தகப்பனார் பேரு?"

இதற்கு உடனே பதில் வரவில்லை. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். வலியாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு பத்திரத்தில் இருந்த பெயரைச் சொன்னார்.

"இந்தப் பத்திரத்தை நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்களா?"

"ஆமாங்க சாமி. நாந்தானுங்க."

பியூன் அவருடைய இடது கட்டை விரலில் மையைத் தடவினான். பத்திரத்தின் பின்னால் ஒன்றும் புத்தகத்தில் ஒன்றுமாக ரேகை பதிந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அவருடைய மனைவி எங்களுக்குத் தேனும் பலாச்சுளையும் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் அடிவாரத்துக்கு வந்துவிட்டோம்.

அறுவடை முடிந்த சமயத்தில் ஒரு நாள் என் ஆபீஸ் வாசலில் மலைக்காரர்கள் பத்துப் பேர் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏனுங்க, எங்காட்டை நான் வித்துப்போட்டேன்னு இந்த வியாவாரி ஆள் உட்டு மொளவு பறிக்கிறானுங்க. கேட்டா, ஆபீஸர் சாமியே மேல வந்து பதிஞ்சு குடுத்தாருங்கிறான். நான் உங்களை இன்னைக்குத்தான் பாக்கறேனுங்க."

பெயரைக் கேட்டேன். அதே பெயர். தகப்பனார் பெயரும் பத்திரத்தில் இருந்ததேதான். ஆனால் நான் பார்த்த முகம் இல்லை. இரண்டு காலும் நன்றாக இருந்தன.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. இவர் மேல்வளவுக்காரர். கால் ஒடிந்தவர் இவருடைய சித்தப்பன் மகன். இரண்டு பேருக்கும் ஒரே தாத்தாவின் பெயரை வைத்திருந்தார்கள். ஊரில் ஒருவரை மேவளவான் என்றும் மற்றவரைக் கீவளவான் என்றும் சொல்லிவிடுவார்களாம். அந்த அடைமொழி பட்டாவில் ஏறுவதில்லை. பட்டாவில் இருந்தது இவர் பெயரும், இவர் தகப்பனார் பெயரும். வியாபாரி கணக்குப்பிள்ளையிடம் அதைப் பார்த்து எழுதிவாங்கிப் பத்திரம் தயார் செய்திருந்தார். கால் ஒடிந்தவர் தன் சொந்தப் பெயரைத்தான் சொன்னார், தன் சொந்த விரலைத்தான் வைத்தார். தகப்பனார் பெயர் மட்டும்தான் பெரியப்பனுடையது.

"அந்தக் காயிதத்தைக் கிழிச்சுப் போடுங்க சாமி" என்றார் மேல்வளவுக்காரர்.

"எனக்கு அந்த அதிகாரம் கிடையாது."

"பதிஞ்சது நீங்கதானுங்களே?"

"பதியத்தான் எனக்கு அதிகாரம். பதிஞ்சது பொய்யின்னு தெரிஞ்சாலும் நான் ரத்துப் பண்ண முடியாது. சிவில் கோர்ட்டுல கேஸ் போட்டுத் தீர்ப்பு வாங்கணும். அவங்க எனக்குத் தீர்ப்பை அனுப்பினா, புஸ்தகத்துல அந்தப் பத்திரத்துக்குப் பக்கத்துல குறிச்சு வைப்பேன்."

அவர் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னை ஏமாற்றுக்காரன் என்றே அவர்கள் நினைத்திருக்க வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர்களுடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அன்றைக்கே ஜில்லா ரிஜிஸ்டிராருக்கு ரிப்போர்ட் எழுதினேன். ஆள்மாறாட்டம் செய்து பதிவு நடந்திருக்கிறது, நடவடிக்கைக்கு உத்தரவு வேண்டும் என்று. உத்தரவு வந்தது. போலீஸ் அடிவாரத்தில் வியாபாரியையும், மலையேறிக் கால் ஒடிந்தவரையும் கைது செய்தது. கால் ஒடிந்தவருக்குக் கால் சேர்ந்திருந்தது, கொஞ்சம் குட்டையாக. கம்பை ஊன்றிக்கொண்டு அவரே இறங்கி வந்தாராம். எதையும் மறுக்கவில்லை. ரேகையை ஒப்பிட மதராஸுக்கு அனுப்ப வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது.

மாஜிஸ்திரேட் கேஸைச் சேலம் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பினார். அங்கே விசாரணை வருவதற்குள் மலையில் வேறொன்று நடந்துவிட்டது. இதை மேல்வளவுக்காரரே கோர்ட்டு வராந்தாவில் எனக்குச் சொன்னார்.

"நாங்க பேசி முடிச்சுக்கிட்டோமுங்க. நாட்டுப் பெரியவங்க உக்காந்து பேசுனாங்க. அவன் என் கால்ல உழுந்தானுங்க. நானும் அவனுக்கு ஒரு தப்புப் பண்ணியிருக்கேனுங்க."

"என்ன தப்பு?"

அவர் சொன்னது இது. அந்தக் காட்டிலிருந்த பலாமரங்களை நட்டது கால் ஒடிந்தவருடைய தகப்பன், அதாவது இவருடைய சித்தப்பன். குடும்பம் ஒன்றாக இருந்தபோது நட்டது. பாகம் பிரித்தபோது மண் மூத்தவருக்குப் போயிற்று. ஆனால் மரத்துக் காயும், மரத்தில் ஏறிய மிளகும் இளையவர் வீட்டுக்கு என்று வாய்ப்பேச்சாக முடிந்தது. இரண்டு தகப்பன்மாரும் இருந்தவரைக்கும் அப்படியே நடந்தது. அவர்கள் காலத்துக்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் ஏதோ முறை செய்யவில்லை என்று சண்டை. மேல்வளவுக்காரர் வேலியைக் கட்டி, மரத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"அன்னைக்கு அவன் அந்த மரத்துல ஏறித்தான் உழுந்தானுங்க. வேலியைத் தாண்டி ஏறிட்டான். நான் போய்ப் பாக்கக்கூட இல்லீங்க. அதுக்கப்புறந்தான் வியாவாரிகிட்ட வித்துப்போட்டான்."

"காட்டையே வித்துட்டாரே, மரத்தை மட்டும் விக்காம?"

"மரத்தை மட்டும் எப்படீங்க விக்கிறது? எனக்கும் இல்லாம உனக்கும் இல்லாமப் போகட்டும்னு வித்தேன்னு சொன்னானுங்க."

பிறகு அவர் என்னைக் கெஞ்சுகிற மாதிரி கேட்டார். "எம் பக்கம் கேஸ் வேண்டாமுங்க. நான் வாபஸ் வாங்கிக்கறேனுங்க."

சர்க்கார் வக்கீல் அங்கேதான் நின்றிருந்தார். மனிதர் பொறுமையாகவே பதில் சொன்னார். "இது உங்க கேஸ் இல்லை, சர்க்கார் கேஸ். அடிதடியின்னா ராஜியாப் போகலாம். பொய்ப் பத்திரம் பண்ற போர்ஜரியை ராஜி பண்ணச் சட்டத்துல எடமில்லை."

மேல்வளவுக்காரருக்கு இது விளங்கவில்லை. "எங்காடு, எம் பேரு, எம் பங்காளி" என்று ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டிவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்பது போல வக்கீலைப் பார்த்தார்.

கோர்ட்டில் என்னை முதல் நாளே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ஜட்ஜுக்குத் தமிழ் தெரியும். பக்கத்தில் அபிப்பிராயம் சொல்வதற்காக உட்கார வைத்திருந்த ஊர்ப் பிரமுகர்களான அசெஸர்களும் தமிழர்கள். அதனால் பேச்சு பெரும்பாலும் தமிழிலேயே போயிற்று. எதிரிகள் கூண்டில் கால் ஒடிந்தவரும் வியாபாரியும் நின்றார்கள். வியாபாரி கோட்டுப் போட்டிருந்தார். மற்றவர் கம்பைப் போலீஸ்காரரிடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எதிரி வக்கீல் என்னைக் கேட்டார்: "இவர் தன் பெயரைத்தானே சொன்னார்?"

"ஆமாம்."

"தன் விரலைத்தானே வைத்தார்?"

"ஆமாம்."

"பிறத்தியார் பெயரை எழுதினால் அல்லவா போர்ஜரி? தன் பெயரை ஒருவன் எப்படிப் போர்ஜரி செய்ய முடியும்?"

இது சாட்சியிடம் கேட்கிற கேள்வி இல்லை என்று ஜட்ஜ் குறுக்கிட்டார். வக்கீல் உட்கார்ந்தார். உடனே ஜட்ஜே என் பக்கம் திரும்பினார்.

"தகப்பனார் பெயரை நீங்கள் படித்தீர்கள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதானா? இல்லை, நீங்கள் தனியாகக் கேட்டு அவர் சொன்னாரா?"

"நான் தனியாகக் கேட்டேன். அவர் சொன்னார்."

"உடனே சொன்னாரா?"

"இல்லை. கொஞ்சம் யோசித்துச் சொன்னார்."

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போதே தெரிந்தது. படித்ததைப் புரியாமல் கேட்டுத் தலையாட்டியவர் என்றால் அவரை ஏமாற்றிக் கைநாட்டு வாங்கிய வியாபாரிதான் அந்தப் பொய்ப் பத்திரத்தை உண்டாக்கியவர் ஆவார். சட்டத்தில் அதற்கும் இடமிருக்கிறது. யோசித்துச் சொன்னார் என்றால் தெரிந்து சொன்னார் என்று அர்த்தம். நடந்ததைத்தான் சொன்னேன். நான் கூண்டிலிருந்து இறங்கும்போது கால் ஒடிந்தவர் என்னைப் பார்த்து, மரியாதைக்குச் செய்வது போலத் தலையை அசைத்தார்.

அவருடைய முறை வந்தபோது ஜட்ஜ், "இது உம்முடைய தகப்பன் பெயர் இல்லை என்று தெரிந்துதானே சொன்னீர்?" என்று கேட்டார்.

"பெரியப்பனும் அப்பன்தானுங்களே?"

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. "எங்கப்பன் செத்தப்புறம் எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சது பெரியப்பந்தானுங்க. அவரு செத்தப்ப நானும் மொட்டை போட்டேனுங்க. அந்தச் சாமி கேக்கறப்ப நெனைச்சுப் பாத்தேனுங்க. பொய்யின்னு தோணலீங்க."

"காடு யாருடையது?"

"மண்ணு அண்ணனுதுங்க. மரம் எங்கப்பன் வச்சதுங்க."

"மண்ணையும் சேர்த்துத்தானே விற்றீர்?"

"ஆமாங்க" என்றார்.

வியாபாரி, தனக்கு மேவளவான் கீவளவான் விவகாரம் எதுவும் தெரியாது, பெயரைக் கேட்டு நம்பினேன் என்றார். எந்த வீட்டில் எத்தனை மூட்டை மிளகு காயும் என்று தெரிந்தவருக்கு எந்தக் காடு யாருடையது என்று தெரியாமல் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். மலையேறும்போது அவர் பேசியதைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டிருந்தாலும் சந்தேகம் சாட்சியம் ஆகாது.

அசெஸர்கள் எல்லோரும் இருவருமே குற்றவாளி இல்லை என்றார்கள். தன் பெயரில் கைநாட்டு வைத்தவனை எப்படித் தண்டிப்பது என்று அவர்களில் ஒருவர், சேலத்து ஜவுளி வியாபாரி, வாய்விட்டே கேட்டார். அவர்கள் அபிப்பிராயம் ஜட்ஜைக் கட்டுப்படுத்தாது. அவர் தீர்ப்பைப் படித்தபின், கூண்டில் நின்றவருக்கு விளங்கும்படி தமிழில் சுருக்கிச் சொன்னார். அதை என் ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்.

'நான் கீழ்வளவில் இருப்பவன், என் தகப்பன் இன்னார், இந்தக் காடு எனக்குச் சொந்தம்' என்று நீர் எழுதிக் கொடுத்திருந்தால் அது பொய் சொல்கிற பத்திரம். அதற்கு ஏமாற்றியதாக வழக்கு வரலாமே ஒழிய, அது பொய்ப் பத்திரம் ஆகாது. ஏனென்றால் அதை எழுதியது யார் என்பதில் பொய் இல்லை. இந்தப் பத்திரத்தில் அப்படி இல்லை. இதை வாசிக்கிறவன் மேல்வளவுக்காரர் எழுதிக் கொடுத்தார் என்று நம்ப வேண்டும் என்பதற்காகவே இது செய்யப்பட்டிருக்கிறது. பத்திரம் பொய்யாவது அதில் சொல்லியிருக்கிற சங்கதியினால் இல்லை, யார் செய்தது என்பதை மாற்றிக் காட்டுவதினால். ஒரே பெயருள்ள இன்னொருவன் போட்டதாக நம்ப வைக்கத் தன் பெயரையே ஒருவன் போட்டாலும் அது போர்ஜரிதான் என்று சட்டப் புத்தகமே சொல்கிறது. மரத்தின் மேல் உமக்கு உரிமை இருந்திருக்கலாம். இருந்தால் அதற்குச் சிவில் கோர்ட்டு இருக்கிறது. மெய்யான உரிமையைத் தாங்குவதற்குக்கூடப் பொய்ப் பத்திரம் செய்யக் கூடாது.

கடுங்காவல் விதித்தார். வயதையும் காலையும், பங்காளி மன்னித்ததையும் சொல்லிக் காலத்தைக் குறைத்தார். வியாபாரியைச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தார்.

தீர்ப்பு சரியானது. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான். என்னிடம் பதிவான பத்திரங்களை ஊரும் பேரும் தெரியாத யார் யாரோ நம்பிக் காசு கொடுக்கிறார்கள். எழுதியவன் யார் என்பது ஆட்டம் கண்டால் மற்ற எதுவும் நிற்காது. மலையில் ஒருவரை ஒருவர் முகத்தால் அறிந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியபோது பெயரில் பொய் இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையாம். அண்ணனுடைய காட்டைத் தம்பி விற்றான், அதுதான் தப்பு என்றார்களாம்.

வராந்தாவில் போலீஸ்காரர்கள் கால் ஒடிந்தவரை உட்கார வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி தூணோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். மேல்வளவுக்காரர் கேழ்வரகுக் களியும் துவையலும் இலையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஹெட்கான்ஸ்டபிள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கச் சொன்னார். சாப்பிட்டு முடிக்கும்வரை மேல்வளவுக்காரர் எதிரிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாமையை அறுத்துப் போட்டுட்டேன். போரடிக்கணும்" என்றார் ஒரு தடவை.

"மழைக்கு முந்தி அடிச்சுரு" என்றார் மற்றவர்.

"உன் மாடு ரெண்டையும் ஓட்டிக்கட்டுமா?"

"ஓட்டிக்கோ. செவலை மிரளும், பாத்துக்கோ."

பத்திரத்தை ரத்துச் செய்யச் சிவில் கோர்ட்டில் தனியாக வழக்குப் போட வேண்டியிருந்தது. நான் ஒரு வக்கீலுக்குச் சீட்டுக் கொடுத்து அனுப்பினேன். வியாபாரி எதிர்த்து வாதாடவில்லை. தீர்ப்பின் நகல் வந்ததும், பதிவுப் புத்தகத்தில் அந்தப் பத்திரத்தின் நகலுக்குப் பக்கத்தில் ரத்தான விவரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டேன். மேல்வளவுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல அவன் பேரு எங்கீங்க இருக்குது, எம் பேரு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதான் என்று ஒரே இடத்தைக் காட்டினேன்.

கால் ஒடிந்தவர் சிறையிலிருந்து வருவதற்கு முன்பே எனக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. அதற்கப்புறம் நான் மலைப்பக்கம் போகவில்லை. சேந்தமங்கலத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த என் பழைய குமாஸ்தா ஒருவரைப் பிற்பாடு ரயிலில் சந்தித்தேன். கால் ஒடிந்தவர் சிறையிலிருந்து திரும்பி வந்துவிட்டார் என்றும், சந்தை நாளில் அண்ணனும் தம்பியுமாக ஒரே பொதியை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கி வருவதைப் பார்த்திருப்பதாகவும் சொன்னார். வியாபாரியைப் பற்றிக் கேட்டேன். அவரும் சௌக்கியம்தானாம். முன்போலவே மலையில் மிளகு வாங்குகிறாராம்.